ஈ.பி.எப் காசு பெயரிலோ வங்கிக் கணக்கிலோ சிக்கி நிற்கிறதா? எங்கே சிக்கியது என்று பார்த்துத் திருத்தும் வழி

கிளிநொச்சியில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். கொப்பி எடுக்க வருபவர்களுக்குப் படிவமும் நிரப்பிக் கொடுப்பேன். ஊழியர் சேமலாப நிதிக் காசுக்காக வருபவர்களில் பாதிப் பேர் முதல் தரம் விண்ணப்பிப்பவர்கள் அல்ல. போட்ட விண்ணப்பம் திரும்பி வந்து, அந்தக் கடிதத்தையும் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள். கடிதம் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அதில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று தெரியாமலே மூன்று மாதம் பெட்டிக்குள் வைத்திருந்தவர்களையும் கண்டிருக்கிறேன்.

காசு நிற்பதற்கு ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே ஆளின் பெயர் மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. அதனால் சிக்கல் எப்படித் தெரிகிறதோ அந்த வரிசையிலேயே கீழே எழுதுகிறேன். உங்களுடையது எந்தத் தலைப்புக்குள் வருகிறதோ அதை மட்டும் வாசித்தால் போதும். ஆனால் முதல் பகுதியை எல்லோரும் செய்துவிடுங்கள்.

எந்தச் சிக்கலானாலும் முதலில் செய்ய வேண்டியது

மூன்று பொருட்களை ஒரே மேசையில் வையுங்கள். தேசிய அடையாள அட்டை, ஈ.பி.எப் பதிவில் உள்ள பெயர் தெரியும் ஏதாவது ஒரு தாள், வங்கிப் புத்தகம். இரண்டாவதற்கு, வேலையில் சேர்ந்தபோது தந்த பி அட்டை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலைத்தளத்தினூடாக வரும் கணக்குக் கூற்று போதும். மத்திய வங்கியின் கணினியில் உங்கள் பெயர் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே அந்தக் கூற்றில் அச்சாகி வரும் என்பதால், பி அட்டையை விட அதைத்தான் நான் நம்புவேன்.

ஒரு வெள்ளைத் தாளில் மூன்று பெயரையும் ஒன்றின் கீழ் ஒன்றாக, எழுத்துக்கு எழுத்து, பெரிய ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். வாசித்துப் பார்த்தால் பிழை தெரியாது, ஏனென்றால் வாய் சரியான பெயரையே சொல்லும். விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பக்கத்தில் அடையாள அட்டை இலக்கத்தையும் பிறந்த திகதியையும் எழுதுங்கள்.

இனி ஒரு முடிவு. எல்லாப் பதிவையும் அடையாள அட்டையில் உள்ளபடி கொண்டுவர வேண்டும். அட்டையைப் பதிவுக்கு ஏற்ப மாற்ற ஓடக்கூடாது. வங்கிக் கணக்கின் பெயரை ஒரு நாளில் மாற்றலாம். வேலைத்தளத்தின் பதிவை மாற்ற ஒரு கடிதமும் சில வாரமும் வேண்டும். அடையாள அட்டையை மாற்ற விதானையார், பிரதேச செயலகம், ஆட்பதிவுத் திணைக்களம் என்று போய்வர வேண்டும். பிறப்புச் சான்றிதழைத் திருத்துவது எல்லாவற்றையும் விட நீண்ட வழி. எங்கள் சனங்கள் பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து, பிறப்புச் சான்றிதழில் தொடங்கி ஒரு வருடத்தை இழக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் பொறுக்காது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்குக் காசு எடுக்கும் உரிமை இருக்கிறதா என்று பார்ப்பது தொழில் திணைக்களம். காசை வைத்திருந்து வங்கிக்கு அனுப்புவது மத்திய வங்கியின் ஊழியர் சேமலாப நிதித் திணைக்களம். எந்தக் கந்தோர் திருப்பி அனுப்பியது என்று கடிதத்தின் தலைப்பைப் பார்த்தாலே சிக்கல் எங்கே என்று பாதி தெரிந்துவிடும். தொழில் திணைக்களம் திருப்பினால் பெரும்பாலும் பெயரோ அடையாள அட்டை இலக்கமோ. மத்திய வங்கி திருப்பினால் பெரும்பாலும் வங்கிக் கணக்கு.

சிக்கல் 1: தொழில் அலுவலகத்திலேயே "பெயர் பொருந்தவில்லை" என்று படிவத்தைத் திருப்பித் தருகிறார்கள்

*முதலெழுத்து மட்டும்தான் வித்தியாசமா?*

அட்டையில் தகப்பன் பெயர் முழுதாக, பதிவில் முதலெழுத்தாக. மிகச் சாதாரணமானது இது. காசு எடுக்க விண்ணப்பிக்கும் கே படிவத்தில் பெயரை எழுதும்போது அட்டையில் உள்ள முழுப் பெயரை எழுதி, "முதலெழுத்துகளுடன் பெயர்" என்ற இடத்தில் பதிவில் உள்ளதை எழுதினால் அநேகமாக ஏற்றுக்கொள்வார்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்தே பிழையாக இருந்தால் அது இந்தப் பகுதி அல்ல, அடுத்தது.

*எழுத்துக் கூட்டல் வித்தியாசமா?*

எங்கள் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத ஒரே முறை என்று ஒன்று இல்லை. சிவராசா என்ற பெயரை Sivarasa, Sivarajah, Sivaraja, Sivarasah என்று நான்கு விதமாக எழுதிய தாள்களை நானே பார்த்திருக்கிறேன். கொழும்பிலோ கட்டுநாயக்காவிலோ வேலைக்குச் சேரும்போது எழுதுவினைஞர் காதால் கேட்டதை எழுதியிருப்பார். நாங்களும் கையொப்பம் வைத்திருப்போம். பழைய அடையாள அட்டைகளில் ஆங்கிலமே இல்லை என்பதால், அப்போது ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கும் வழி இருக்கவில்லை. 2017 கடைசியில் வரத்தொடங்கிய புதிய அட்டையில்தான் மூன்று மொழியும் இருக்கிறது.

இதற்கு மருந்து வேலைத்தளத்தின் கடிதம். நிறுவனத்தின் தலைப்புத் தாளில், அவர்களின் தொழில்தருநர் இலக்கம், உங்கள் அங்கத்துவ இலக்கம், பதிவில் உள்ள பெயர், அட்டையின்படி சரியான பெயர், அடையாள அட்டை இலக்கம், வேலை செய்த காலம், "இருவரும் ஒருவரே" என்ற வசனம், கீழே பொறுப்பானவரின் கையொப்பம், பெயர், பதவி, முத்திரை. பெயரும் பதவியும் இல்லாமல் வெறும் கையொப்பத்தோடு வந்த கடிதம் திரும்பி வந்திருக்கிறது. அதனால் வாங்கிய இடத்திலேயே நின்று பாருங்கள். இந்தக் கடிதத்தோடு அட்டையின் பிரதியும் பிறப்புச் சான்றிதழின் பிரதியும் வைத்தால், பதிவைத் திருத்துவதற்கான கோரிக்கை முழுமையாகும்.

*கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறியதா?*

பெண்கள் வேலைக்குப் போன காலத்தில் தகப்பன் பெயர், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர். கல்யாணத்துக்காக வேலையை விட்டு நிற்கும் பெண்கள் 50 வயது வரை காத்திருக்காமல் ஈ.பி.எப் எடுக்கலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த வழியில் வருகிறவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல் கூட. விவாகச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதி ஒன்றே பாலமாக இருக்கும். ஆனால் விவாகச் சான்றிதழில் உள்ள உங்கள் கன்னிப் பெயரும் ஈ.பி.எப் பெயரும் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். அதிலும் வேறு எழுத்து என்றால் சத்தியக் கடதாசியும் தேவைப்படும்.

*பெயரே வேறு பெயரா?*

வீட்டில் கூப்பிட்ட பெயரில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், அக்காவின் சான்றிதழைக் கொடுத்துச் சேர்ந்தவர்கள். முதலாவதைச் சத்தியக் கடதாசியும் விதானையாரின் சான்றிதழும் சேர்த்துத் தீர்க்கலாம். இரண்டாவது வேறு கதை. இன்னொருவரின் அடையாளத்தில் கட்டிய காசு அது. இங்கே நீங்களாக எந்தத் தாளையும் எழுதிக் கொடுக்காதீர்கள். முதலில் ஒரு சட்டத்தரணியைக் காணுங்கள்.

சத்தியக் கடதாசி எழுதும் விதம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சரியாக எழுதாத சத்தியக் கடதாசியால்தான் கூடுதலான விண்ணப்பங்கள் இரண்டாம் தரமும் திரும்புகின்றன.

சமாதான நீதவானிடமோ சத்தியப்பிரமாண ஆணையாளரிடமோ செய்யலாம். தமிழில் எழுதலாம். ஆனால் தகராறு ஆங்கில எழுத்தில் இருப்பதால், இரண்டு எழுத்துக் கூட்டலையும் ஆங்கிலத்திலேயே உள்ளே எழுத வேண்டும். "சிவராசா எனவும் சிவராஜா எனவும்" என்று தமிழில் மட்டும் எழுதிக் கொடுத்தால், கொழும்பில் கோப்பைப் பார்ப்பவருக்கு அது எந்தப் பதிவைச் சொல்கிறது என்றே தெரியாது.

தொடக்க வசனம் சமயத்தைப் பொறுத்தது. இந்துவானால் "இந்து ஆகிய நான் பயபக்தியுடனும் நேர்மையாகவும் உண்மையாகவும் உறுதியுரைப்பதாவது" என்று வரும். கிறிஸ்தவரானால் "சத்தியம் செய்து கூறுவதாவது" என்று வரும். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர் ஒருவருக்கு உறுதியுரை என்று எழுதப்பட்டு, கடைசி வரியில் சத்தியம் என்று இருந்தது. அந்தத் தாள் மறுபடி எழுத வேண்டி வந்தது. தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

நடுப்பகுதி இவ்வளவு இருந்தால் போதும்:

```
1. எனது தேசிய அடையாள அட்டை இலக்கம் ............
2. அதில் எனது பெயர் KANDIAH YOGESWARY.
3. எனது சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் ............
   அதில் எனது பெயர் KANDIAH YOGESHWARI எனப் பதியப்பட்டுள்ளது.
4. இவ்விரு பெயர்களும் என்னையே குறிக்கின்றன.
```

வித்தியாசம் எப்படி வந்தது என்று ஐந்தாவதாக ஒரு வரி சேர்க்கலாம். ஆனால் இடம்பெயர்வு, முகாம், தொலைந்த பெட்டி என்று முழுக் கதையையும் எழுத வேண்டாம். அது உண்மையாகவே இருக்கும், எழுதச் சொல்லி மனமும் வரும். ஆனாலும் கோப்பைப் பார்ப்பவர் தேடுவது இரண்டு பெயரையும் இரண்டு இலக்கத்தையும்தான்.

சிக்கல் 2: பெயர் சரி, ஆனால் அடையாள அட்டை இலக்கம் பொருந்தவில்லை என்கிறார்கள்

முதலில் பார்க்க வேண்டியது பழைய இலக்கமா புதிய இலக்கமா என்பதை. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். புதியதில் 12 இலக்கம். வேலைக்குச் சேர்ந்தபோது பழையது, இப்போது கையில் இருப்பது புதியது என்றால் இரண்டும் வேறு ஆள் போலத் தெரியும். உண்மையில் ஒன்றுக்குள் ஒன்று அடங்கியிருக்கிறது:

```
பழையது :   YY DDD  SSS C V
புதியது : 19YY DDD 0SSS C
```

முன்னால் 19, ஐந்தாவது இலக்கத்துக்குப் பிறகு ஒரு பூச்சியம், கடைசி எழுத்து இல்லை. இப்படிப் பொருந்தினால் சிக்கல் இல்லை. இரண்டு இலக்கத்தையும் படிவத்தோடு எழுதி, பழைய அட்டையின் பிரதி இருந்தால் அதையும் வையுங்கள்.

பொருந்தாவிட்டால் பதிவில் இலக்கம் பிழையாக ஏறியிருக்கிறது. எங்கே பிழை என்று கண்டுபிடிக்க ஒரு வழி. ஆண்டுக்கு அடுத்த மூன்று இலக்கம் ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே ஆணுக்கு 366-க்கு மேல் வராது, பெண்ணுக்கு 501-க்குக் கீழ் வராது. பெண் ஒருவரின் கணக்குக் கூற்றில் அந்த இடத்தில் 123 என்று இருந்தால், எழுதியவர் 6-ஐ 1 என்று வாசித்திருக்கிறார், அல்லது அது கணவரின் இலக்கம். இரண்டையும் கண்டிருக்கிறேன். இதற்கும் வேலைத்தளத்தின் கடிதமே திருத்தம்.

பதிவில் இலக்கமே இல்லாமல் இருப்பதும் உண்டு. போர்க் காலத்தில் அட்டை தொலைந்து, அட்டை இல்லாமலே வேலையில் சேர்ந்தவர்களின் கணக்கு இப்படி இருக்கும். அதற்கு இலக்கத்தோடு மறுபடி பதியக் கேட்க வேண்டும். இதை விண்ணப்பிக்கும் நேரம் வரை தள்ளிப் போடாமல் வேலையில் இருக்கும்போதே செய்தால், ஒரு கடிதத்தோடு முடியும்.

சிக்கல் 3: காசு வந்தது, ஆனால் ஒரு வேலைத்தளத்தின் காசு மட்டும்தான்

ஒவ்வொரு வேலைத்தளத்திலும் உங்களுக்கு ஒரு தனி அங்கத்துவ இலக்கம். அவை எல்லாம் ஒரே ஆளுடையவை என்று காட்டுவது அடையாள அட்டை இலக்கமும் பெயரும். ஓரிடத்தில் அது பிழையென்றால் அந்தக் கணக்கு தனியாக நின்றுவிடும்.

பரந்தன் பக்கத்து அக்கா ஒருவரின் கோப்பு இதற்கு நல்ல உதாரணம். பெயரை மாற்றி, நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கட்டுநாயக்காவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் இரண்டு வருடம், அப்புறம் எங்கள் பக்கத்திலேயே இன்னொன்றில் நான்கு வருடம் வேலை செய்தவர். கல்யாணம் முடித்து வேலையை விட்டார். படிவத்தில் இரண்டாவது இடத்தின் இலக்கத்தை மட்டும் எழுதியிருந்தார். முதலாவது இடத்தின் பி அட்டை கையில் இருந்தும், அது பழைய வேலை, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துவிட்டார்.

மேசையில் வைத்துப் பார்த்தோம். அடையாள அட்டை, KANDIAH YOGESWARY. முதல் வேலைத்தளம், K. YOGESWARY, இலக்கம் பழையது, சரியானது. இரண்டாவது, KANDIAH YOGESHWARI. வங்கிப் புத்தகம், S. YOGESWARY. கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் முதலெழுத்தோடு மாற்றியிருந்தார். அக்கா அந்த SH என்ற இரண்டு எழுத்தையும் விரலால் தொட்டுவிட்டு, "தம்பி, இந்த ஒரு எழுத்துக்கா நாலு தரம் வவுனியாவுக்குப் போனனான்" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.

முதலில் வங்கி. அட்டையையும் விவாகச் சான்றிதழையும் கொண்டுபோய், கணக்கின் பெயரை அட்டையில் உள்ளபடி மாற்றி, புதிய புத்தகம் வாங்கினார். அன்றே முடிந்தது. அடுத்து இரண்டாவது தொழிற்சாலையின் கடிதம். மனிதவளப் பிரிவில் கேட்டு, எட்டு நாளில் வந்தது. முதல் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. ஆனால் அங்கே உள்ள வித்தியாசம் முதலெழுத்து மட்டும். அடையாள அட்டை இலக்கமும் சரியாக இருந்தது. அதனால் அதற்குத் தனிக் கடிதம் தேடி அலையாமல், சத்தியக் கடதாசியிலேயே மூன்று பெயரையும் இரண்டு அங்கத்துவ இலக்கத்தையும் எழுதினோம். கே படிவத்தில் இரண்டு வேலைத்தளத்தின் இலக்கமும் போட்டோம். கொடுத்த நாளிலிருந்து நாலாவது மாதம் காசு வந்தது. முதல் வேலைத்தளத்தின் காசும் சேர்ந்தே வந்தது.

உங்களுடைய காசு குறைவாக வந்திருந்தால், முதலில் நீங்கள் செய்த எல்லா வேலையையும் வருடத்தோடு எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். கிளிநொச்சியில் மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அடையாள அட்டையோடு போய் உங்கள் இலக்கத்தின் கீழ் எத்தனை கணக்கு இருக்கிறது என்று கேளுங்கள். கொழும்புக்குப் போக முன் இங்கே கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கணக்கே இல்லாமல் இருப்பது வேறு, கணக்கு இருந்து சில மாதங்கள் மட்டும் இல்லாமல் இருப்பது வேறு. உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழித்து, தொழில்தருநர் 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். சம்பளச் சிட்டையில் கழித்திருக்கிறது, கூற்றில் ஏறவில்லை என்றால் அது பெயர்ப் பிழை அல்ல, கட்டாமல் விட்டது. சம்பளச் சிட்டைகளோடு தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். அதற்குப் பெயர் திருத்தம் செய்து பிரயோசனமில்லை.

சிக்கல் 4: எல்லாம் சரி என்று கடிதம் வந்தது, காசு மட்டும் வங்கிக்கு வரவில்லை

பயப்பட வேண்டாம். வங்கி ஏற்காத காசு தொலைந்துபோகாது. அது மத்திய வங்கிக்கே திரும்பி, உங்கள் பெயரில் நிற்கும். சரியான கணக்கு விபரம் போனால் மறுபடி அனுப்புவார்கள்.

*கணக்கு இலக்கம் சரியாக வாசிக்கக்கூடியதா?* இதுதான் மிகக் கூடுதலான காரணம், மிக மலிவான காரணமும்கூட. வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் வங்கியின் நீல முத்திரை இலக்கத்துக்கு மேலேயே அடிக்கப்பட்டிருக்கும். அசலில் கண்ணுக்குத் தெரியும். கொப்பி எடுத்தால் முத்திரையும் கறுப்பாகி, 3 என்பது 8 ஆகிவிடும். அப்படி ஒரு கொப்பியை நானே எடுத்துக் கொடுத்து, காசு திரும்பி வந்தபிறகுதான் கவனித்தேன். அதன் பிறகு ஒவ்வொரு கொப்பியின் ஓரத்திலும் இலக்கத்தைப் பேனாவால் தெளிவாக எழுதி, அசலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கொடுக்கிறேன். இன்னும் நல்லது, வங்கியில் கேட்டு, பெயரும் இலக்கமும் அச்சடித்த கணக்கு உறுதிக் கடிதம் வாங்கி வைப்பது.

*வங்கி, கிளை இலக்கங்கள் சரியா?* வங்கிக்கு நான்கு இலக்கம், கிளைக்கு மூன்று இலக்கம். இலங்கை வங்கி 7010, மக்கள் வங்கி 7135, தேசிய சேமிப்பு வங்கி 7719. கிளை இலக்கத்தை நினைவில் எழுத வேண்டாம். கணக்குத் திறந்த கிளை வேறு, நீங்கள் இப்போது காசு எடுக்கும் கிளை வேறாக இருக்கலாம். முள்ளியவளையில் இருப்பவர் வவுனியாவில் முகாமில் இருந்த காலத்தில் திறந்த கணக்கு என்றால் கிளை வவுனியாதான். கவுண்டரில் கேட்டு எழுதுங்கள்.

*கணக்கு உயிரோடு இருக்கிறதா?* நீண்ட நாள் போடாமல் எடுக்காமல் விட்ட கணக்கை வங்கி செயலற்றதாக வைத்துவிடும். அட்டையோடு நேரில் போய் ஒரு சிறு தொகை போட்டு, "இந்தக் கணக்குக்கு வெளியிலிருந்து காசு வந்தால் ஏற்குமா" என்று கேளுங்கள். புத்தகத்தில் புதிய திகதியில் ஒரு வரி அச்சாகி வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

*கணக்கு உங்களுடையது மட்டும்தானா?* கணவரோடு சேர்ந்த கணக்கு, பிள்ளையின் கணக்கு, கடனுக்காகத் திறந்த கணக்கு எதையும் கொடுக்க வேண்டாம். உங்கள் பெயரில் மட்டும் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கு ஒன்று. பெயர் எழுத்துக்கு எழுத்து அட்டையில் உள்ளபடி. பழைய கணக்கைத் திருத்துவது தொல்லையாக இருந்தால், புதிதாக ஒன்றைத் திறப்பதுதான் சுலபம்.

புதிய விபரத்தை அனுப்பும்போது முழு விண்ணப்பத்தையும் மறுபடி போட வேண்டியதில்லை. வந்த கடிதத்தின் இலக்கத்தைக் குறிப்பிட்டு, அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகப் பிரதி, கையொப்பமிட்ட ஒரு கோரிக்கைக் கடிதம் ஆகியவற்றைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் துண்டைப் படிவப் பிரதியோடு குத்தி வையுங்கள். மறுபடி முதலிலிருந்து விண்ணப்பித்தால் ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பு ஆகி, அதை ஒன்றாக்கவே மாதங்கள் போகும்.

சிக்கல் 5: கடிதம் தர வேலைத்தளம் இல்லை

மூடிவிட்டார்கள், முதலாளி வெளிநாடு போய்விட்டார், தேடினால் அந்த இடத்தில் வேறு கடை. இப்படியானால் சம்பளச் சிட்டை, நியமனக் கடிதம், வேலைத்தள அடையாள அட்டை, பழைய கணக்குக் கூற்று, எது இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். சத்தியக் கடதாசியும், விதானையார் தந்து பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட வதிவிடச் சான்றிதழும் சேர்த்து, தொழில் அலுவலகத்தில் அதிகாரியை நேரில் கண்டு, நிறுவனம் மூடப்பட்டது என்று எழுத்தில் சொல்லுங்கள். வேலைத்தளம் மாதாமாதம் அனுப்பிய பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும். அதை வைத்து அவர்களே சரிபார்க்கலாம்.

எல்லாத் தாளும் யுத்தத்தில் போய்விட்டது என்பவர்களுக்கு ஒரு வழி. அதே இடத்தில் கூட வேலை செய்து ஏற்கெனவே காசு எடுத்த ஒருவரைத் தேடுங்கள். அவருடைய தாளில் தொழில்தருநர் இலக்கம் இருக்கும். அந்த இலக்கம் கிடைத்தால் உங்கள் பெயரைப் பட்டியலில் தேடுவது பல மடங்கு சுலபம்.

எப்போது நீங்களாகச் செய்வதை நிறுத்த வேண்டும்

அங்கத்தவர் இறந்துவிட்டார், பின்னுரித்தாளரின் பெயரும் பொருந்தவில்லை என்றால் இது கே படிவம் அல்ல, எல் படிவம். இரண்டு ஆட்களின் பெயர்ப் பிழை ஒரே கோப்பில் சேரும்போது, வாரிசுகள் எத்தனை பேர் என்ற கேள்வியும் வரும்போது, சட்டத்தரணியிடம் போங்கள். காசு இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேட்கலாம்.

பிறந்த திகதியே அட்டையிலும் பிறப்புச் சான்றிதழிலும் வேறாக இருந்து, 50 அல்லது 55 வயது ஆகிவிட்டதா என்பதே கேள்வியானால், சத்தியக் கடதாசி போதாது. பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவையும் அடையாள அட்டைப் பிரிவையும் கேட்டு, எதைத் திருத்துவது என்று முடிவெடுத்த பிறகே விண்ணப்பியுங்கள்.

"நான் கொழும்பில் ஆள் வைத்து எடுத்துத் தருகிறேன், வரும் காசில் பத்து வீதம் தா" என்று ஒருவர் வந்தால், உங்கள் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் அவர் கையில் கொடுக்காதீர்கள். படிவத்துக்கும் விண்ணப்பத்துக்கும் அரசாங்கம் கட்டணம் வாங்குவதில்லை. செலவு கொப்பிக்கும் தபாலுக்கும் பஸ்ஸுக்கும், தேவையானால் சத்தியக் கடதாசிக்கும்தான்.

ஊழியர் நம்பிக்கை நிதி, அதாவது ஈ.ரி.எப், வேறு சபை, வேறு படிவம். ஈ.பி.எப்பில் பெயரைத் திருத்தினால் அங்கே தானாகத் திருந்தாது. வேலைத்தளத்தின் கடிதமும் சத்தியக் கடதாசியும் எடுக்கும் நாளிலேயே இரண்டு அசலாக எடுத்து, ஒன்றை அதற்கென்று வைத்துவிடுங்கள்.